ஆறாம் அத்தியாயம், ஒன்பதாம் பத்தி

பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டாம் மாடிக்குப் படியேறி, மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் இடது பக்கம் ஓர் அறை உண்டு. அதற்குள் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கூரை வரைக்கும் ஆய்வேடுகள். பட்டத்துக்காக எழுதப்படும் எந்த ஆய்வேடும் அந்த மேசையைத் தாண்டித்தான் தேர்வாளருக்குப் போக வேண்டும். மேசைக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பக்கம்மா. வாயைத் திறந்தால் முதலில் வருகிற கேள்வி "பக்கம்மா? பக்கம் எங்கம்மா?" என்று இருந்ததால் வந்த பெயர். அவருக்கும் அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அவர் வேலை இதுதான்: ஆய்வேட்டில் ஒரு மேற்கோள் வந்தால், அது எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று பக்கத்திலேயே குறிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புப் பேனா. எல்லாம் இருந்தால் கடைசித் தாளில் 'மேற்கோள்கள் சரிபார்க்கப்பட்டன' என்ற முத்திரை, அதன்மேல் கையெழுத்து. குறிப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்; அது சரியா என்று பார்ப்பதில்லை. மேற்கோள் காட்டிய நூலை எடுத்துப் பிரித்துப் பார் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவரும் பார்த்ததில்லை. மாதத்துக்கு நாற்பது ஆய்வேடு வந்தால் யாரால்தான் முடியும்? ஆனால் முத்திரையில் 'சரிபார்க்கப்பட்டன' என்றுதான் இருந்தது.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவர். பேராசிரியர்களே பயப்படுவார்கள். ஒருமுறை துறைத்தலைவர் ஒருவருடைய மகனின் ஆய்வேட்டையே நான்கு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். கறாரானவர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வரப்போகிறதைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

அவருக்கு ஒரு தங்கை. வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வயது வித்தியாசம். அம்மா சீக்கிரம் போய்விட்டதால், சின்னவளுக்குத் தலை பின்னி விட்டதிலிருந்து கல்லூரியில் சேர்த்தது வரை எல்லாம் அக்காதான். சின்னவள் படிப்பில் கெட்டிக்காரி. முதுகலை முடித்து ஆய்வுக்குப் பதிவு செய்த வருடம், அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அக்காவுக்கு உத்தியோகம், புருஷன், இரண்டு பிள்ளைகள். தங்கைக்கு ஒன்றுமில்லை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிற மாதிரி அப்பா சின்னவளிடம் வந்து சேர்ந்தார். ஒன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கம்மா போவார். அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், விரிப்பை ஏன் மாற்றவில்லை என்று கேட்பார், சாயங்காலம் பேருந்து பிடித்துத் திரும்பிவிடுவார்.

அப்பா போன பதினாறாம் நாள் அவர்தான் தங்கையிடம் சொன்னார், விட்ட இடத்திலிருந்து படி என்று. அது மனதார வந்த வார்த்தை. சின்னவளுக்கு அப்போது நாற்பத்தொன்று. அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியது. வேறு எதைப் பற்றி அவளுக்குத் தெரியும்? அப்பா தூங்குகிற மத்தியானங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியிலேயே அவள் படித்து வைத்திருந்த நூல்கள் இருந்தன. எல்லாம் ஆங்கில மின்னூல்கள். கண்ணாடி போட மறந்துவிடுவாள் என்பதால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படித்தாள். தேவையானதைத் தானே தமிழில் பெயர்த்து எழுதினாள்.

மூன்றரை வருடத்தில் ஆய்வேடு முடிந்தது. இரண்டாம் மாடிக்கு வந்தது.

உடன்பிறந்தவளின் ஆய்வேட்டை வேறு யாராவது பார்த்திருக்க வேண்டும். ஆனால் அந்த அறையில் வேறு யாரும் கிடையாது. 'தங்கச்சிக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு முத்திரை குத்திட்டாங்க' என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்று பக்கம்மா பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். அச்சு நூல்களிலிருந்து எடுத்தவை அத்தனையும் சரியாக இருந்தன. பதினோரு இடத்தில் மட்டும் பக்க எண் இல்லை. ஒன்பது மேற்கோள்கள் இரண்டு மின்னூல்களிலிருந்து. இரண்டு ஓர் இணையதளக் கட்டுரையிலிருந்து. பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் 'அத். 6, பத்தி 9' என்றும், இணையக் கட்டுரைக்கு உட்தலைப்பின் பெயரும் பத்தி எண்ணும், பார்த்த தேதியும் எழுதியிருந்தது. திருத்தப் பட்டியலில் பக்கம்மா ஒவ்வொன்றையும் அப்படியே எடுத்தெழுதி, எதிரே 'பக்க எண்?' என்று பதினோரு தடவை சிவப்பில் எழுதினார்.

சின்னவள் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருமுறைதான் வாதாடினாள்.

"அக்கா, இந்த மின்னூல்ல பக்கம்னு ஒண்ணு நிலையா கிடையாது. எழுத்தப் பெருசாக்கினா மாறிடும். அதனாலதான் அத்தியாயமும், அதோட தொடக்கத்துலேர்ந்து எத்தனாவது பத்தின்னும் எண்ணிப் போட்டிருக்கேன். யார் போன்ல பார்த்தாலும் அது மாறாது."

"உன் போன்ல கீழ நம்பர் வருதா இல்லையா?"

"வருது. ஆனா அது..."

"மத்தவங்க எல்லாம் அதைத்தான் போடறாங்க. நான் வாங்கிக்கறேன். உனக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதின்னு என்னால வைக்க முடியாது."

சின்னவள் அக்கா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவள். வீட்டுக்குப் போய் கைபேசியைத் திறந்து, கீழே தெரிந்த எண்களைப் பார்த்து ஒன்பது இடத்தில் எழுதினாள். இணையக் கட்டுரைக்கு அதுவும் இல்லை. அச்சுக் கடையில் தாளில் எடுத்து, மேற்கோள் எத்தனையாவது தாளில் விழுந்ததோ அதைப் போட்டாள். பக்கம்மா முத்திரை குத்திக் கையெழுத்திட்டார். அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் தங்கைக்கு ஒரு புடவைகூட வாங்கினார், பட்டம் வாங்கும்போது கட்டிக்கொள்ள.

நான்கு மாதம் கழித்து வெளித்தேர்வாளரின் அறிக்கை வந்தது. அவர் பொறுப்பானவர், அவரைக் குறை சொல்ல முடியாது. அதே மின்னூல்களைத் தன் கணினியில் திறந்து, சொல்லியிருந்த பக்கங்களுக்குப் போயிருக்கிறார். முன்னூற்று நாற்பதாம் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி அங்கே இல்லை. முன்னும் பின்னும் பத்துப் பக்கம் பார்த்திருக்கிறார். சொல்லைத் தட்டித் தேடலாம் என்றால், மேற்கோள் தமிழ் மொழிபெயர்ப்பில் இருந்தது. மூலத்தில் எந்தச் சொல் என்று எப்படித் தெரியும்? இணையக் கட்டுரையின் 'ஏழாம் பக்க'த்தைத் தேடி அவர் கடைசிவரைக்கும் போயும் பக்கம் என்று ஒன்றைக் காணவில்லை. பதினோரு மேற்கோள்களும் குறிப்பிட்ட இடங்களில் இல்லை, இவை ஆய்வாளரே இட்டுக்கட்டியவை என்று ஐயுற வேண்டியிருக்கிறது என்று எழுதிவிட்டார்.

பதிவாளர் அறையில் விசாரணை நடந்தது. பதிவாளரும் இரண்டு பேராசிரியர்களும் இருந்தார்கள். எண்கள் ஏன் பொருந்தவில்லை, மேற்கோள்கள் பொய்தானே என்று கேட்டார்கள். சின்னவளுக்குக் காரணம் தெரியும். சொன்னால், தெரிந்தும் ஏன் அந்த எண்ணைப் போட்டாய் என்பது அடுத்த கேள்வி. அதற்கான பதில் முத்திரையில் கையெழுத்துப் போட்டவரிடம் போய் நிற்கும். அக்கா ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம்தான் இருந்தது. சின்னவள் "கவனக்குறைவு, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். குழு ஆய்வேட்டை நிராகரித்தது.

வெளியே தாழ்வாரத்தில் பக்கம்மா காத்துக்கொண்டிருந்தார். அறிக்கையைப் படித்ததிலிருந்து அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் கையெழுத்துக்குக் கீழே பதினோரு பொய்! இருபத்தாறு வருடத்துப் பெயர்! தங்கை வெளியே வந்ததும் அவர் கேட்டது இதுதான்:

"உண்மையச் சொல்லு. நீயா எழுதினியா அதெல்லாம்?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். படியிறங்கிப் போய்விட்டாள். போகும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள் என்பது பக்கம்மாவுக்குப் பிற்பாடுதான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு மூன்று வாரம் பேச்சில்லை. சின்னவள் கைபேசியை எடுக்கவில்லை. பக்கம்மாவும் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடவில்லை. கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் அவமானம் இருந்தது.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் மின்னூல்களைப் பார்த்துக்கொள்கிற ஊழியர் ஒருவர் உண்டு. ஒருநாள் தேநீர் இடைவேளையில் பக்கம்மா அவரிடம் புலம்பினார், இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று. அவர் என்ன புத்தகம் என்று கேட்டார். தன் கைபேசியில் அதைத் திறந்தார். முன்னூற்று நாற்பதாம் பக்கத்தைக் காட்டினார். பிறகு எழுத்தின் அளவை இரண்டு படி பெரிதாக்கினார். அதே வரி, அதே இடம். கீழே எண் ஐந்நூற்றுச் சொச்சம் என்றது. சிறிதாக்கினார். இருநூற்று முப்பது. கைபேசியைக் குறுக்காகத் திருப்பினார். இன்னோர் எண்.

"இது பக்கம் இல்லம்மா. திரையில எவ்வளவு கொள்ளுதோ அதான். சில மின்னூல்ல அச்சுப் புத்தகத்தோட பக்கத்தையே சேர்த்து வச்சிருப்பாங்க, அதுன்னா சரி. இதுல அது கிடையாது. இதுக்கெல்லாம் அத்தியாயம், பத்தின்னு போடறதுதான் முறை."

பக்கம்மா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். வைத்த இடம் விளிம்பு. அது விழுந்து உடைந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. மாடிக்கு ஏறினார். அலமாரியில் திருத்தப் பட்டியல்களின் நகல்கள் வருடவாரியாக இருந்தன, எல்லாம் ஒழுங்காக அடுக்கியது அவரே. தங்கையின் பட்டியலை எடுத்தார். 'அத். 6, பத்தி 9 — பக்க எண்?' சின்னவள் கொடுத்த சரியான எண்கள் பதினொன்றும் அவருடைய சொந்தக் கையெழுத்தில், அவருடைய சொந்த அலமாரியில், இத்தனை நாளும் இருந்திருக்கின்றன.

மறுநாள் அவர் பதிவாளரிடம் போனார். பட்டியலை வைத்தார். மூன்று கைபேசிகளில் ஒரே நூலைத் திறந்து மூன்று எண்களைக் காட்டினார். தவறு தன்னுடையது, பிள்ளை சரியாகத்தான் எழுதியிருந்தாள், நான்தான் மாற்ற வைத்தேன் என்றார். பதிவாளர் நல்ல மனுஷர். தண்ணீர் கொடுத்தார். குழு மறுபடி கூடி, ஆய்வாளர் தன் கையெழுத்தோடு விண்ணப்பித்தால் அறுபது நாளுக்குள் அத்தியாயம், பத்தி எண்களோடு மறுபடி சமர்ப்பிக்கலாம் என்று முடிவு செய்தது. சரிபார்ப்பவர் பதினோரு மேற்கோள்களையும் மூலத்திலேயே பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றும் எழுதியது. பக்கம்மாவுக்கு 'இனிக் கவனமாக இருக்கவும்' என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அவ்வளவுதான். வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் ஒருவேளை அவருக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

பக்கம்மா மூல நூல்களைத் திறந்து எண்ணத் தொடங்கினார். அத்தியாயத் தலைப்புக்குக் கீழே முதல் பத்தி ஒன்று. உட்தலைப்புகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரே வரியில் யாராவது பேசியிருந்தால் அதுவும் ஒரு பத்தி. விரலை வைத்து, உதட்டை அசைத்து எண்ணினார். எண்ணினால் படிக்காமல் இருக்க முடியாதே. பக்கவாதத்தில் விழுந்தவரைத் தனியாளாகப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று இருந்தது. மலம் துடைத்த கையோடு சாப்பிட உட்காரும் நாட்களைப் பற்றி இருந்தது. அப்பா வீட்டுப் பின்கட்டுக் கொடியில் எப்போதும் நாலைந்து விரிப்பு காய்ந்தது அவருக்கு நினைவு வந்தது. அதை ஏன் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆறாம் அத்தியாயத்தின் ஒன்பதாம் பத்திக்கு வந்தார். ஆய்வேட்டில் சின்னவளின் தமிழில் அது இப்படி இருந்தது: 'பார்த்துக்கொள்கிறவளைச் சரிபார்க்கிறவர்கள் வாரம் ஒருநாள் வருவார்கள். வந்து, விரிப்பைக் குறை சொல்வார்கள். அவர்களும் அன்புள்ளவர்கள்தான் என்பதால் அவர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.' பக்கம்மா இதை ஏற்கனவே ஒருமுறை படித்திருக்க வேண்டும். சிவப்புப் பேனாவோடு இந்தத் தாளைப் புரட்டியிருக்கிறார். அப்போது அவர் கண்ணில் பட்டது மேற்கோளின் முடிவில் பக்க எண் இல்லாத அடைப்புக்குறி மட்டும்தான். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். வாசலில் வந்து நின்ற ஒரு மாணவி சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.

பத்து எண்கள் அப்படியே பொருந்தின. இணையக் கட்டுரையில் ஒன்று மட்டும் ஓர் எண் தள்ளிப் போயிருந்தது. அவருக்கு ஒரு கணம், அட, அவளும் ஓரிடத்தில் தவறியிருக்கிறாளே என்று ஓர் ஆறுதல் வந்தது. மறுபடி எண்ணினார். படத்துக்குக் கீழே இருந்த விளக்க வரியை அவர்தான் பத்தி என்று சேர்த்து எண்ணியிருந்தார். சின்னவள் சரி.

விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு தங்கையைத் தேடிப் போனார். சின்னவள் ஊரின் மறுகோடியில் ஒரு முதியோர் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒன்பது வருடம் செய்த வேலையைத்தான் இப்போது சம்பளத்துக்குச் செய்தாள். பக்கம்மா போனபோது ஒரு காலிக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கம்மா எல்லாவற்றையும் சொன்னார். பதிவாளர் அறைக்குப் போனது, எண்ணியது, எல்லாம். சின்னவள் விரிப்பின் மூலைகளை மெத்தைக்கு அடியில் செருகியபடியே கேட்டாள்.

"கையெழுத்து மட்டும் போடுடா. மிச்சத்த அக்கா பாத்துக்கறேன்."

"எண்ணிப் பாத்தியா?"

"ஒவ்வொண்ணா எண்ணினேன். பதினொண்ணும் சரி."

சின்னவள் தலையணையை எடுத்து உறையை மாற்றினாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஒண்ணே ஒண்ண எண்ணிப் பாத்திருந்தா போதும்க்கா."

"தெரியாமப் போச்சு."

"அதில்ல. விதி தெரியல, சரி. உள்ள அவங்க என்னைப் பொய்க்காரின்னு சொன்னாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது, போகட்டும்னு வெளிய வந்தேன். நீ நின்னுட்டிருந்த. உன்னப் பாத்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. நீயும் அதையே கேட்ட."

பக்கம்மா கையை நீட்டினார். சின்னவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், தட்டிவிடவில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலாம்.

"என் தப்புதான்டா. இப்ப சரி பண்ணிடலாம்."

"எனக்கு இனிமே அந்தக் கட்டடத்துல ஏற முடியாதுக்கா. யார் என்ன கேட்டாலும் முதல்ல நம்ப மாட்டாங்கன்னுதான் தோணும். நீ போ. மழை வர மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகும் பக்கம்மா நான்கு தடவை போனார். ஒருமுறை அந்தப் புடவையையும் எடுத்துப் போனார். சின்னவள் தேநீர் கொடுத்தாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், பேருந்து வரைக்கும் கூட வந்தாள். படிவத்தை மட்டும் கையில் வாங்கவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதை ஊரில் எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கண்கெட்டவருக்கு அது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கிடையில் நூலக விதித்தாள் மாறியது. நிலையான பக்க எண் இல்லாத மின்னூலுக்கும் இணையப் பக்கத்துக்கும் அத்தியாயம் அல்லது உட்தலைப்போடு பத்தி எண்ணைத் தர வேண்டும். கைபேசித் திரையின் எண் ஏற்கப்படாது. எழுதியவர் பக்கம்மாதான். இப்போது ஒவ்வொரு ஆய்வேட்டிலும் இரண்டு மூன்று மேற்கோள்களையாவது மூலத்தைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார். வேலை மூன்று மடங்காகிவிட்டது, மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

அறுபதாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலகம் மூடுகிற ஐந்தரை மணி வரை அவர் படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரும் ஏறி வரவில்லை. மறுநாள் காலை, சமர்ப்பிக்கப்படாத ஆய்வேடுகளின் பதிவேட்டில் அந்த வரியை எழுத வேண்டியது அவருடைய பொறுப்பு. தங்கையின் பெயர், பதிவு எண், தலைப்பு எழுதினார். 'விலகிய காரணம்' என்ற கட்டத்தில் 'சரிபார்ப்பவரின் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மத்தியானமே பதிவேடு திரும்பி வந்தது. அலுவலக எழுத்தர் பணிவாகத்தான் சொன்னார், அந்தக் கட்டத்தில் எழுத நான்கு காரணங்கள்தான் உண்டு, இது அதில் இல்லை, உடல்நலம் என்றோ தனிப்பட்ட காரணம் என்றோ போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று. பக்கம்மா முடியாது என்றார். எழுத்தர் காத்திருந்தார். தெரிந்தே ஒரு பொய்யை அவர் இந்த மேசையில் இதுவரை எழுதியதில்லை. கடைசியில் தன் வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'தனிப்பட்ட காரணம்' என்று எழுதிக் கொடுத்தார்.